அணைத்து வைத்த சிம்

பாயில் போர்வை மட்டும் கிடந்தது. மாமனாரைக் காணோம்.

ரஞ்சிதம் வரிசை வீடுகளுக்குப் பொதுவான கக்கூஸ் வரைக்கும் போய்க் குரல் கொடுத்துப் பார்த்தாள். குழாயடியில் பார்த்தாள். சந்து முனையில், முந்தின சாயங்காலம் காற்றில் சாய்ந்த மரம் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. அதைத் தாண்டிப் போய் மெயின் ரோட்டையும் இரண்டு பக்கமும் பார்த்தாள். பால் வண்டி ஒன்று போனது, அவ்வளவுதான். திரும்பி வந்து புருஷனை உலுக்கினாள்.

"யோவ், எழுந்திரு. மாமாவைக் காணோம்."

ஜெயராமன் எழுந்து உட்கார்ந்து, எதுவும் புரியாமல் முதலில் விளக்கு சுவிட்சைத் தட்டினான். கரன்ட் இன்னும் வரவில்லை. மரம் விழுந்த வேகத்தில் டிரான்ஸ்பார்மர் பட்டாசு மாதிரி வெடித்ததை பெங்களூரில் அந்த ஜீவனஹள்ளி ஏரியாவே கேட்டது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால்.

மற்ற நாளாக இருந்தால் கிழவர் எழுந்தவுடன் லைட்டைப் போடுவார். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் ரஞ்சிதம் விழித்துக்கொள்வாள். நேற்று லைட்டும் எரியவில்லை, ஃபேனும் ஓடவில்லை. கொசுக்கடியில் விடியும்வரை புரண்டு கொண்டிருந்துவிட்டு, அவர் எழும் நேரம் பார்த்து இவள் அசந்துவிட்டாள்.

கோவிந்தராஜன் கோலார் தங்க வயலில் சுரங்க வேலை பார்த்தவர். வயல் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் அவருக்கு அது மூடினது மறந்துவிடுகிறது. திடீரென்று எழுந்து, "ஷிஃப்ட்டுக்கு லேட் ஆயிடுச்சு" என்று கிளம்பிவிடுவார். இரண்டு தடவை அப்படித் தொலைந்திருக்கிறார். முதல் தடவை யாரோ கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாம் தடவை தானாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தார். எல்லோரும் தேடப் போயிருந்ததால் கதவு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் நடந்துவிட்டார். அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டு கிரேஸ் ஒரு வழி சொன்னாள். அவள் கிளினிக்கில் ஆயா வேலை செய்பவள். படுக்கை விரிப்புகளுக்குக் குறி போடும் துவைத்தாலும் போகாத இங்க் பேனாவைக் கொண்டுவந்து, கிழவரின் சட்டை எல்லாவற்றிலும் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் ரஞ்சிதத்தின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

"சட்டை போட்டுனுதானே போனாரு?" என்றான் ஜெயராமன்.

"நீலக் கோடு போட்டது. ஆணியில இல்ல."

"அப்ப யார்னா பாத்துட்டுப் போன் பண்ணுவாங்க. உன் போன்ல எவ்ளோ சார்ஜ் இருக்குது?"

எடுத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று. ராத்திரி டார்ச் போட்டுச் சமைத்தது, கொசுவர்த்தி தேடினது, கிழவருக்கு வெளிச்சம் காட்டினது எல்லாம் சேர்ந்து தின்றுவிட்டிருந்தது. ஜெயராமனுடையதில் அதற்கும் கீழே.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அப்பா சொல்லுமே, சுரங்கத்துல கூண்டு மேல வர்றதுக்குக் காத்துனு இருக்கிறப்ப கேங்ல ஒருத்தன் தொப்பி லைட்டு மட்டும்தான் எரியும், மிச்சம் பேரு அணைச்சிடுவாங்கன்னு. அப்படிப் பண்ணுவோம். உன்னுது எரியட்டும். என்னுது அணைச்சு வெச்சுக்கிறேன். எங்கனா போய் நின்னன்னா ஆன் பண்ணி உனக்கு அடிக்கிறேன். சேதி இருந்தா சொல்லு, இல்லன்னா திரும்ப அணைச்சிடறேன்."

சரியாகத்தான் பட்டது. வீட்டில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். ரஞ்சிதம் அன்றைக்குச் சித்தாள் வேலைக்குப் போவதில்லை என்றானது. ஜெயராமன் டைல்ஸ் வேலை மேஸ்திரிக்கு ஒரு போனைப் போட்டு, "வரலண்ணா, அப்பா திரும்ப" என்று மட்டும் சொல்லிவிட்டு அணைத்தான். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, கன்டோன்மென்ட் ஸ்டேஷன், சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்ட் என்று பார்த்து வருவதாக டிவிஎஸ் வண்டியை மிதித்துக் கிளப்பினான்.

கிரேஸ் வேலைக்குக் கிளம்பும் முன் வந்து எட்டிப் பார்த்தாள். தலை பின்னிக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள்.

"கொண்டா போனை. நீ வெச்சிருக்கிற வெச்சிருப்புக்கு இது பத்து மணிக்குள்ள செத்துடும்."

"ஏரோப்ளேன்ல போட்டு வெச்சு அப்பப்ப எடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன்."

"போட்டுக்கோ, நல்லா யோசிச்ச போ! ஏரோப்ளேன்ல போட்டா போனே வராது. கல்லை மடியில கட்டினு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

கிரேஸின் விரல் ஓடின ஓட்டத்தை ரஞ்சிதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் பேட்டரி சேவரைப் போட்டாள். "இது போட்டா வாட்ஸ்அப்பு லேட்டா வரும். ஆனா நேரா அடிக்கிற போன் வரும், எஸ்எம்எஸ் வரும், பயப்படாத." அப்புறம் நெட்டை நிறுத்தினாள். வைஃபை, ப்ளூடூத், லொகேஷன். "வைஃபையே இல்லாத வீட்ல இது நாள் பூரா வைஃபை தேடினு இருக்குது பாரு." வெளிச்சம் தானாக ஏறி இறங்குவதை எடுத்துவிட்டு, கோட்டை அடிவரைக்கும் இழுத்தாள். திரை மங்கி, மழைக்கு முந்தின வானம் மாதிரி ஆனது. தொட்டால் அதிர்வதை எடுத்தாள். தொடாமல் விட்டால் பதினைந்து நொடியில் திரை அணைந்துவிடும்படி வைத்தாள்.

"வெளிச்சம்தான்டி பாதி பேட்டரியைத் தின்றது. சும்மா சும்மா எடுத்து எவ்ளோ இருக்குதுன்னு பாக்காத. பாக்கறதுக்கே செலவாகும். மணி மட்டும் நல்லா சத்தமா வெச்சிருக்கிறேன்." கடைசியாக ஏதோ ஒன்றைப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினாள். "ரெண்டு சிம் வெச்சிருக்கியே, அந்த ரெண்டாவது இன்னாத்துக்கு?"

"பழசு. ரேஷனுக்கும் கேஸுக்கும் அதுதான் குடுத்திருக்குது. ஓடிபி வரும்."

"இன்னைக்கு கேஸ் புக் பண்ணப் போறியா? அதுக்கு டவரே கிடைக்கல பாரு, ஒரு கோடுகூட இல்ல. டவர் கிடைக்காத சிம்முதான் தேடித் தேடி பேட்டரியைக் குடிக்கும். அணைச்சிடறேன்."

"அணைச்சிடு" என்றாள் ரஞ்சிதம்.

கிரேஸ் போன பிறகு வாசற்படியில் முறத்தை வைத்து, அதன்மேல் போனைக் குப்புற வைத்தாள். முகத்தைப் பார்த்தால் எடுக்கத் தோன்றும் என்றுதான் அப்படி.

முதலில் வந்தது ஜெயராமனின் அழைப்பு. ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்களாம், அவள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறானாம். வைத்துவிட்டான். அடுத்தது ஒரு பெண், கன்னடத்தில் தேனாகப் பேசினாள், லோன் வேண்டுமா என்றாள். மூன்றாவது மரகதம். ஜெயராமனின் அக்கா, தங்க வயலிலேயே, மாரிக்குப்பம் பக்கத்து லைன் வீட்டில் இருப்பவள். ஜெயராமன் காலையில் அவளுக்கும் சொல்லியிருந்தான்.

"எங்கப்பாவை எங்கடி விட்டீங்க?" என்று எடுத்தவுடனே ஆரம்பித்தாள் மரகதம். அழுகை. அம்மா சாகும்போது சொன்னதிலிருந்து தொடங்கி, பெங்களூர் வேண்டாம் என்று தான் அன்றைக்கே சொன்னது, யாரும் கேட்காதது, போன தீபாவளிக்கு அவர் இளைத்திருந்தது வரைக்கும் ஒவ்வொன்றாக வந்தது. ரஞ்சிதம் "அக்கா, அக்கா" என்று நடுநடுவே சொல்லிப் பார்த்தாள். நிற்கவில்லை. காதோடு ஒட்டியிருந்த போன் சுடத் தொடங்கியது. அந்தச் சூடெல்லாம் பேட்டரிதான்.

"அக்கா, இங்க கரன்ட் இல்ல, சார்ஜ் போயிடும். வெச்சிடறேன். நீ திரும்ப அடிக்காத. சேதி தெரிஞ்சா நானே சொல்றேன்."

"நான் அடிக்கக் கூடாதா? எங்கப்பனுக்கு நான் அடிக்கக் கூடாதா?"

வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தபோது இருபத்திரண்டு என்றது.

லைன்மேன்கள் வந்து மரத்தைச் சுற்றி நின்றார்கள். ரம்பம் கொண்டுவர ஒருவன் போனான். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். பேக்கரிக்காரரிடம் யுபிஎஸ் இருக்கிறதே என்று சந்து முனைவரை ஓடிப் போய்க் கேட்டாள். அது ராத்திரியே தீர்ந்துவிட்டதாம். காக்ஸ் டவுன் பக்கம் கரன்ட் இருக்கிறது என்று சொன்னார். போகலாம். போனால் கதவு பூட்டியிருக்கும். போனை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றால், அழைப்பு வருகிற நேரத்தில் அது எவன் கடையில், எந்த பிளக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்? வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டாள்.

வெயில் ஏறியது. போன் ஒலிக்கவில்லை. ஜெயராமன் மட்டும் ஒருமுறை, "சிவாஜி நகர்ல இல்ல, ரஸ்ஸல் மார்க்கெட்டு பூரா பாத்துட்டேன்" என்றான். வேறு யாருமே கூப்பிடவில்லை. நம்பர் கழுத்திலேயே இருக்கிறது, இந்த ஊரில் ஒரு மனுஷனுக்குக்கூடவா கண்ணில் படவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவேளை சட்டையைக் கழற்றிவிட்டாரோ. ஒருவேளை யாரும் பார்க்காத இடத்தில் விழுந்து கிடக்கிறாரோ. பார்க்கக் கூடாது என்று இருந்தும் எடுத்துப் பார்த்தாள். பதினாறு. யாரும் பேசாமலேயே எப்படி இறங்கியது? மேலே பார்த்தாள், டவர் கோடு ஒன்றுதான் நின்றது, அதுவும் வந்து வந்து போனது. இவ்வளவு நேரம் கரன்ட் இல்லாவிட்டால் டவருக்கும் உயிர் குறையும் போலிருக்கிறது. போன் அதைத் தேடித் தேடியே களைத்துக்கொண்டிருந்தது.

கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. ராத்திரி மழைக்கு அவசரமாக அள்ளிக் கட்டில்மேல் போட்ட துணி குவிந்து கிடந்தது. மடிக்க உட்கார்ந்தாள். தன் ரவிக்கை, அவன் பேன்ட், மாமாவின் வெள்ளைச் சட்டை. சட்டையை உதறிக் கழுத்துப் பட்டையை நீவினபோது உள்பக்கம் கறுப்பு எண்கள் தெரிந்தன. கிரேஸின் கையெழுத்து, குண்டு குண்டாக.

ரஞ்சிதம் அதைப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதுதான் அவளுக்குச் சிரமம், எண்கள் அப்படியில்லை. முதல் நான்கு எண்ணிலேயே கை நின்றுவிட்டது.

அது அவளுடைய இப்போதைய நம்பர் இல்லை. பழையது.

சட்டைகளில் எழுதின வருஷம் அவளிடம் இருந்தது அந்த நம்பர்தான். அதற்கப்புறம் மெயின் ரோட்டில் குடை போட்டு உட்கார்ந்திருந்தவனிடம் புது சிம் வாங்கினாள். கட்டட வேலை நடக்கிற இடங்களில் பழையது எடுக்கவே எடுக்காது. மேஸ்திரி, நாத்தனார், கிரேஸ், போலீஸ் ஸ்டேஷன், எல்லோரிடமும் இருப்பது புதுசு. மாமாவின் கழுத்தில் மட்டும் பழசு அப்படியே இருக்கிறது. அதைத்தான் காலையில் அணைக்கச் சொன்னாள். தன் வாயாலேயே.



போனை எடுத்து செட்டிங்ஸைத் திறந்தாள். கிரேஸ் எந்த வழியாகப் போனாள் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒரு வரியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் திரை அணைந்தது. தொட்டாள், பூட்டுத் திறந்தாள், மறுபடி முதலிலிருந்து. இன்னொரு வரி. அணைந்தது. பதினைந்து நொடி படித்தவர்களுக்குப் போதும். அவளுக்கு அது பாதி வரிக்குத்தான் வந்தது. நாலாவது தடவை புத்தி வந்து, படிக்கும்போதே கட்டைவிரலால் திரையின் ஓரத்தைச் சும்மா மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அணையவில்லை. சிம் படம் போட்ட வரி கிடைத்தது. இரண்டாவதின் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. தட்டினாள். நீலமானது.

டவர் இல்லை என்றது.

மாடிப்படியில் ஏறினாள். வீட்டுக்காரர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் எல்லா சிம்மும் எடுக்கும் என்பது வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து பார்த்தால் வாசலும் தெரியும். வெயிலில் திரை கறுப்புக் கண்ணாடியாகிவிட்டது. வெளிச்சத்தை ஏற்றலாம் என்று விரல் போனது. ஏற்றவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக் கூடாரம் மாதிரி மூடிக்கொண்டு, அந்த நிழலில் பார்த்தாள். பழைய சிம்முக்கு ஒரு கோடு வந்தது. இரண்டானது.

டிங் என்றது. எஸ்எம்எஸ். சிம் அணைந்திருந்த நேரத்தில் யார் கூப்பிட்டார்கள் என்று கம்பெனிக்காரன் அனுப்புகிற சேதி. இங்கிலீஷ் முழுவதும் புரியவில்லை. ஆனால் நடுவில் பத்து எண்கள், பக்கத்தில் மூன்று என்று ஒரு எண். மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.

பேட்டரி ஒன்பது.

கால் அடியில் கிடந்த செங்கல் துண்டை எடுத்துத் தொட்டிச் சுவரில் அந்த நம்பரை எழுதினாள். போன் செத்தாலும் இது இருக்கட்டும். எழுதினபின் அடித்தாள்.

"ஹலோ, யாரு?" ஆண் குரல். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"அண்ணா, நீங்க போன் பண்ணிருந்தீங்க. ஒரு பெரியவரு, நீலக் கோடு சட்டை..."

"அய்யோ, நீங்களாம்மா! பெளகெயிந்த, காலையிலேந்து அடிக்கிறேன். ஸ்விட்ச் ஆஃப் பர்த்தா இத்து, ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு. நான் மாலூர் ஸ்டேஷன்ல டீ விக்கிறவன், நாகேஷ். தமிழ் ஸ்வல்ப, கொஞ்சம் வரும்."

மாலூர்! தங்க வயலுக்குப் போகிற வழி. அவ்வளவு தூரம்! "கொத்தாகுத்து அண்ணா, புரியுது, சொல்லுங்க. அவரு அங்க இருக்காரா?"

"இருந்தாரு. அஜ்ஜா ட்ரெயின்லேந்து தண்ணி பிடிக்க இறங்கினாரு, ட்ரெயின் ஹோய்த்து, போயிடுச்சு. குனிஞ்சு மூஞ்சி கழுவறப்ப காலர்ல நம்பர் பாத்தேன். டீ குடுத்தேன், குடிக்கல. டூட்டி இருக்குன்னு சொல்லினே இருந்தாரு. என் பெஞ்சிலயே உக்கார வெச்சேம்மா. மூணு தடவை போன் பண்ணேன். யாரும் எடுக்கலைன்னா நான் என்ன பண்றது? ஈக, இப்பதான் மாரிக்குப்பம் ட்ரெயின் வந்துச்சு. நான் அந்தப் பக்கம் கப்பு குடுக்கப் போயிருந்தேன். ஏறிட்டாரு."

"எப்பண்ணா?"

"ஈகலே. ட்ரெயின் வால் இன்னும் கண்ணுக்குத் தெரியுது."

"சரிண்ணா, ரொம்ப நன்றிண்ணா" என்று அவள் சொன்னதை நாகேஷ் கேட்டாரோ இல்லையோ. ஏழு. அவர் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார், அவர்மேல் என்ன தப்பு என்று சொல்லக்கூட நேரமில்லாமல் வைத்தாள்.

ஜெயராமனுக்கு அடித்தாள். அணைக்கப்பட்டிருக்கிறது என்றாள் பதிவுக் குரல்காரி, மூன்று மொழியில், ஒன்றையும் விடாமல். முதல் மொழியிலேயே துண்டித்திருக்கலாம். உறைக்கவில்லை.

தங்க வயல் ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. பங்காரப்பேட்டையிலிருந்து வண்டி திரும்பினால் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம். எங்கேயாவது இறங்குவார். இறங்கினால் சுரங்க வாசலுக்குத்தான் போவார். அங்கே இப்போது முள்ளும், தங்கம் பிரித்துக் கொட்டின சயனைடு மண்மேடும்தான். பள்ளங்கள் திறந்து கிடக்கும். இவரைப் பிடிக்கக் கூடிய ஆள் அந்த ஊரில் ஒருத்திதான். அவளைத்தான் காலையில் "அடிக்காத" என்று சொல்லி வைத்தாள்.

மரகதத்துக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள்.

"இன்னா?" என்றாள் மரகதம். "அடிக்காதன்னு சொன்னவங்களுக்கு இப்ப இன்னா வேணும்? இப்ப மட்டும் நான் வேணுமா?"

"அக்கா, கேளு. நான் சொல்றத மட்டும் கேளு. மாமா மாலூர்லேந்து மாரிக்குப்பம் வண்டில ஏறிட்டாரு. நீலக் கோடு சட்டை. நீ ஸ்டேஷனுக்குப் போ. உன் பையனை சாம்பியன்ல நிக்கச் சொல்லு. ஓடு."



"தனியாவா?"

"தனியாத்தான்."

"அடிப் பாவி" என்றாள் மரகதம். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. அதற்குள் செருப்பைத் தேடுகிற சத்தம், யாரையோ பெயர் சொல்லிக் கத்துகிற சத்தம். ரஞ்சிதமே வைத்தாள்.

நான்கு. வாங்கி மூன்று வருஷத்துக்கு மேலான பேட்டரி அது. நான்கு என்று காட்டும்போதே சமயத்தில் சட்டென்று செத்துவிடும், முன்னாலேயே பார்த்திருக்கிறாள். புதுச் சிம்மை அணைத்தால் பழையது கொஞ்சம் கூட நிற்குமா? ஆனால் ஜெயராமன் அடிப்பது புதுசுக்கு. சட்டையைப் பார்த்து வேறு யாராவது அடித்தால் அது பழசுக்கு. இரண்டில் ஒன்றையும் விட முடியவில்லை. இரண்டும் எரியட்டும் என்று விட்டாள். தொட்டியின் நிழலில் போனை வைத்து, கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது செங்கல் சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கீழே ரம்பம் கறகறவென்று மரத்தை அறுத்தது. அவள் வாசலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். வண்டி இப்போது தியாகல் தாண்டியிருக்கும். பங்காரப்பேட்டையில் நிற்கும். அங்கே இறங்கிவிட்டால்? அதை மரகதத்திடம் சொல்லவில்லையே. சொல்ல இனி சார்ஜ் இல்லை.

போன் ஒலித்தது. ஜெயராமன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "பேசாத, கேளு. மாரிக்குப்பம் வண்டில போறாரு. அக்கா ஸ்டேஷனுக்கு ஓடுது. பங்காரப்பேட்டையிலயும் யாரையாவது பாக்கச் சொல்லு. என் போன் செத்துடும். இனிமே எனக்கு அடிக்காத, அக்காவுக்கே அடி. உன்னுத அணைக்காத. சேதி வந்தா கிரேஸ் நம்பருக்குச் சொல்லு, அவ சாயங்காலம் கிளினிக்லேந்து சார்ஜ் போட்டுனு வருவா."

"மாரிக்குப்பமா? உனக்கு எப்படி..."

காதில் அமைதி. போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் கம்பெனிப் பெயர் ஒருமுறை மின்னி அணைந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது. கீழே இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்தாள். வரிசையில் போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கையில் செத்த போனை வைத்துக்கொண்டு, அந்த மூன்று அழைப்பையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றையாவது எடுத்திருந்தால் இந்நேரம் ஜெயராமன் மாலூருக்குப் போயிருப்பான். அவர் நாகேஷின் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்திருப்பார். அவர் அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவள் இங்கே பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். கிரேஸைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் இன்னாத்துக்கு என்று கேட்டாள், கேட்டுவிட்டுத்தான் அணைத்தாள்.

வெயில் சாய்ந்தது. அறுத்த மரத்தை லாரியில் ஏற்றினார்கள். கம்பி இழுக்க நாளைக்குத்தான் ஆள் வருவார்களாம்.

கிரேஸ் சந்து முனையிலிருந்தே ஓடி வந்தாள். கை பையோடு உயர்ந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்து ரஞ்சிதத்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கிடைச்சிட்டாரு! கிடைச்சிட்டாருடி. உன் புருஷன் இப்பதான் அடிச்சாரு, பஸ்ல போயினு இருக்காராம். சாம்பியன்ல இறங்கி நடந்திருக்காரு, அங்க அவங்க அக்கா பையன் பிடிச்சிருக்கான். முட்டில அடியாம், வேற ஒண்ணும் இல்லியாம். இந்தா, அவங்க அக்கா நம்பரு போட்டுத் தர்றேன். பேசு, நல்லா பேசு, எண்பது இருக்குது."

மரகதம் உடனே எடுத்தாள். குரல் கரகரத்திருந்தது. அழுது முடித்த குரல்.

"வீட்ல இருக்காரு. சாப்பிடறாரு."

"அக்கா..."

"அந்த மாலூர் ஆளு எனக்கும் போன் பண்ணான். மாலூர்னு நான் சொன்னதும் தம்பி அந்த ஸ்டேஷன்ல விசாரிச்சு அவன்கிட்ட என் நம்பரைக் குடுத்துச்சாம். காலையிலேயே மூணு தடவை அடிச்சேன், எடுக்கலன்னான்." மரகதம் மூக்கைச் சிந்தினாள். "இனிமே எங்கப்பா இங்கயே இருக்கட்டும் ரஞ்சிதம். தம்பிகிட்ட சொல்லிட்டேன். வந்து துணிமணி எடுத்துனு போகச் சொல்லிருக்கேன்."

ஐந்து வருஷமாக அவருக்குச் சோறு போட்டவள் அவள். மருந்து கொடுத்தவள், ஷிஃப்ட்டுக்கு லேட் என்று அவர் எழும்போதெல்லாம் "இன்னைக்கு லீவு மாமா" என்று சொல்லித் திரும்பப் படுக்க வைத்தவள். அதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம். அணைத்தது எதற்காக என்றும் சொல்லலாம். பேட்டரி இருந்தது, டவர் இருந்தது, நாத்தனாரும் வைக்காமல் காத்திருந்தாள்.

"அவருக்குக் காரம் ஆகாது" என்றாள் ரஞ்சிதம். "ரசம்னா நல்லா சாப்பிடுவாரு."

"தெரியும்."

"ஒரு நிமிஷம் அவர்கிட்ட குடுக்கா."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. "அப்பா, பேசு, ரஞ்சிதம்" என்றாள் மரகதம். தட்டில் விரல் வழித்துக் கூட்டுகிற சத்தம், மெதுவாக மெல்லுகிற சத்தம், மூச்சு. ரஞ்சிதம் "மாமா" என்று ஒருமுறை கூப்பிட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். இருட்டிக்கொண்டு வந்த வாசலில் நின்று, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.